லிஃப்ட் அடிக்கடி நிற்கிறது: பாடி கார்ப்பரேட்டுக்கு எழுதும் கடிதம் பற்றி டர்பனில் கேட்கும் கேள்விகள்

ஓவர்போர்ட், மஸ்கிரேவ், கடற்கரைப் பக்கம் என்று டர்பனின் அடுக்குமாடிகளில் இருக்கும் நம்மவர்கள் கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: "லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது, யாருக்கு என்ன எழுதுவது?" எங்கள் கட்டடத்தில் நான் கொஞ்ச காலம் டிரஸ்டியாக இருந்தவன். வரும் கடிதங்களில் எது வேலை நடக்க வைத்தது, எது கோப்பில் தூங்கியது என்று பார்த்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எல்லாம் தென்னாப்பிரிக்காவின் செக்ஷனல் டைட்டில் கட்டடங்களுக்கு, அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருக்கும் கட்டடங்களுக்கு உரியவை. மாநகராட்சி வீடுகளுக்கும் ஒரே முதலாளியின் வாடகைக் கட்டடங்களுக்கும் வழி வேறு.

லிஃப்ட் நின்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? செக்யூரிட்டியிடமா, மேனேஜிங் ஏஜென்டிடமா, டிரஸ்டியிடமா?

அன்றைக்கு நின்றதற்கு செக்யூரிட்டியிடமோ கேர்டேக்கரிடமோ சொன்னால் போதும். அவர் லிஃப்ட் கம்பெனிக்கு போன் போடுவார், ஆள் வருவான், ஓட வைத்துவிட்டுப் போவான். அடிக்கடி நிற்கிறது என்பது வேறு சங்கதி. அதில் முடிவெடுக்க வேண்டியது பாடி கார்ப்பரேட், அதாவது எல்லா வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பு. அதன் சார்பில் செயல்படுபவர்கள் நாம் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகள். மேனேஜிங் ஏஜென்ட் அவர்களுக்குச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். அவருக்குத் தானாகப் பெரிய செலவு செய்யும் அதிகாரம் கிடையாது.

ஆகவே கடிதத்தை "டிரஸ்டிகளுக்கு, மேனேஜிங் ஏஜென்ட் மூலமாக" என்று எழுதி, ஏஜென்டின் மின்னஞ்சலுக்கும் டிரஸ்டிகளின் தலைவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஏஜென்டுக்கு மட்டும் அனுப்பினால் "டிரஸ்டிகளிடம் சொல்லியிருக்கிறோம்" என்று பதில் வரும். டிரஸ்டியைக் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரவில்லையே" என்பார். இருவருக்கும் சேர்த்து அனுப்பினால் இந்தப் பந்து விளையாட்டுக்கு இடமில்லை.

வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம், அது போதாதா?

போதாது. குரூப்பில் போட்டதைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் யாரும் சேர்ப்பதில்லை. நாலு பேர் கோப முகம் போடுவார்கள், ஐந்தாமவர் தண்ணீர் வரவில்லை என்பார், அதோடு போயிற்று. தேதி போட்ட கடிதம் என்றால் டிரஸ்டிகள் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேசி மினிட்ஸில் எழுத வேண்டிய நிலை வரும். பின்னால் வழக்கு என்று வந்தாலும் "எப்போது தெரிவித்தீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி.

ஆனால் குரூப்பை வீணாக்க வேண்டாம். யார் எப்போது மாட்டிக்கொண்டார்கள் என்ற தகவல் அங்கே குவிந்து கிடக்கும். கீழே சொல்லப்போகும் குறிப்புக்கு அதுதான் சரக்கு.

"லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால் ஆகாதா? வேறு என்ன எழுத இருக்கிறது?

அப்படி எழுதினால் "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வரும். அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து, மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டு, ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறான். அவன் கணக்கில் அது முடிந்த வேலை. நின்ற லிஃப்டை ஓட வைப்பது ஒரு வேலை, ஏன் நின்றது என்று கண்டுபிடித்து நீக்குவது இன்னொரு வேலை. நம் கட்டடங்களில் பெரும்பாலும் முதல் வேலைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது.

அதனால் கடிதத்தில் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, இந்தத் தேதிகளில் இப்படி இப்படி நின்றது என்ற பட்டியலைக் கொடுத்து, அதற்குக் காரணம் என்ன என்று லிஃப்ட் கம்பெனியிடமிருந்து எழுத்தில் அறிக்கை. இரண்டு, அந்தக் காரணத்தை நீக்க எந்தப் பாகத்தைச் சரிசெய்ய அல்லது மாற்ற வேண்டும், என்ன விலை என்ற மதிப்பீடு. மூன்று, டிரஸ்டிகள் அதைப் பற்றி எந்தத் தேதிக்குள் முடிவெடுத்துச் சொல்வார்கள் என்பது. கோபம், வருத்தம், "மனிதாபிமானமே இல்லையா" எல்லாம் வேண்டாம். எழுதினால் பதில் அதற்குத்தான் வரும், லிஃப்டுக்கு வராது.

நின்ற விவரத்தை எப்படிக் குறித்து வைப்பது? எங்களுக்கு லிஃப்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

தெரிய வேண்டியதில்லை. பார்த்ததை எழுதினால் போதும். தேதி, நேரம். எந்த மாடியில் நின்றது, மேலே போகும்போதா கீழே வரும்போதா. கதவு திறந்திருந்ததா, மூடியிருந்ததா, மூடி மூடித் திறந்ததா. உள்ளே இருக்கும் சின்னத் திரையில் என்ன எண் அல்லது எழுத்து தெரிந்தது. சற்று முன் மின்சாரம் போய் வந்ததா, மழையா. கடைசியாக, தானாக ஓடியதா, ஆள் வந்து ஓட வைத்தானா.

இதில் பலரும் விட்டுவிடுவது மாடி எண்ணை. "லிஃப்ட் நின்றது" என்பதற்கும் "நாலாம் மாடியைத் தாண்டும்போது நின்றது" என்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. லாபியில் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டால் பிள்ளைகள்கூட எழுதிவிடுவார்கள். நோட்டு காணாமல் போகும் கட்டடமாக இருந்தால் குரூப்பில் ஒருவர் பொறுப்பெடுத்துத் தொகுக்கட்டும்.

இந்தக் குறிப்பைப் பார்த்து என்ன தெரிந்துவிடும்? நாங்கள் என்ன மெக்கானிக்கா?

எங்கே தேட வேண்டும் என்பது தெரியும். பெரியா மலைச்சரிவில் இருக்கும் ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து வாரத்தில் ஒன்பது முறை நின்றிருந்தது. டிரஸ்டிகளிடம் லிஃப்டையே புதுப்பிக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒன்பதையும் வரிசையாக எழுதிப் பார்த்தபோது, ஆறு முறை நாலாம் மாடியில் அல்லது அதைத் தாண்டும் இடத்தில் நின்றது தெரிந்தது. மீதி மூன்றும் மின்சாரம் போய் வந்த பிறகு.

ஒவ்வொரு மாடியிலும் வெளிக்கதவுக்கு ஒரு பூட்டும் அதில் ஒரு மின் தொடுப்பும் உண்டு. எல்லா மாடித் தொடுப்புகளும் ஒரே சங்கிலியாக இணைந்தவை. எங்காவது ஒன்று கணநேரம் விட்டுப்போனாலும் லிஃப்ட் நின்றுவிடும், அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. நாலாம் மாடியில் ஒரு வீட்டில் தரை ஓடு மாற்றும் வேலை நடந்திருந்தது. மணலும் சிமென்டும் கதவு ஓடும் பள்ளத்தில் இறுகிப்போயிருந்தன. தள்ளுவண்டி இடித்ததில் கதவுப் பலகையின் அடியில் பள்ளத்துக்குள் ஓடும், காலணி என்று சொல்லும் பிளாஸ்டிக் துண்டு தேய்ந்து கதவு லேசாகச் சாய்ந்திருந்தது. லிஃப்ட் அந்த மாடியைத் தாண்டும்போது அதன் கதவில் உள்ள தகடு வெளிக்கதவின் பூட்டு உருளையை உரசும், தொடுப்பு விடும், லிஃப்ட் நிற்கும். ஆள் வந்து அணைத்துப் போட்டால் சங்கிலி மறுபடி சேர்ந்திருக்கும், ஓடும். இரண்டு நாள் கழித்து அதே கதை.

காலணிகளையும் பூட்டுத் தொடுப்பையும் மாற்றி, பள்ளத்தைச் சுரண்டி எடுத்து, கதவை நிமிர்த்தியதோடு அந்த ஆறும் நின்றன. மின்சாரத்தோடு வந்த மூன்றுக்கும் மருந்து வேறு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். லிஃப்ட் நிற்பதில் பெரும்பகுதி கதவுப் பிரச்சினைதான் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த மாடிக் கதவு என்று சொல்லாவிட்டால் அரை மணி நேரத்துக்கு வரும் ஆள் ஏழு மாடியையும் பிரித்துப் பார்க்க மாட்டான்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. வெயில் நேரத்தில் மட்டும், எந்த மாடியிலும் நிற்கிறது என்றால் மேலே இயந்திர அறையின் சூட்டைப் பார்க்க வேண்டும். பெரிய மழைக்குப் பிறகு என்றால் கீழே குழியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். கடற்கரைக் கட்டடங்களில் உப்புக்காற்று தொடுப்புகளை அரிப்பதால் எல்லா மாடியிலும் சிதறிச் சிதறி நிற்கும்.

மாதிரிக் கடிதம் ஒன்று தர முடியுமா?

மேலே சொன்ன கட்டடத்தில் அனுப்பியதையே கொஞ்சம் சுருக்கித் தருகிறேன். ஏஜென்டுகளோடு கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில்தான், ஆகவே பிள்ளைகளிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

> டிரஸ்டிகளுக்கு, மேனேஜிங் ஏஜென்ட் மூலமாக.
>
> பொருள்: லிஃப்ட் திரும்பத் திரும்ப நிற்பது: காரணம் கண்டறிந்து சரிசெய்யக் கோரிக்கை.
>
> கடந்த ஐந்து வாரங்களில் நம் கட்டடத்தின் லிஃப்ட் ஒன்பது முறை நின்றது. தேதி, நேரம், மாடி ஆகிய விவரங்கள் இணைப்பில் உள்ளன. இதில் ஆறு முறை நாலாம் மாடியிலும், மூன்று முறை மின்சாரம் திரும்பி வந்த உடனும் நடந்தவை. ஒவ்வொரு முறையும் லிஃப்ட் மறுபடி இயக்கப்பட்டது. காரணம் என்ன என்று குடியிருப்போருக்குத் தெரிவிக்கப்படவில்லை.
>
> ஆறாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவரும், ஏழாம் மாடியில் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர் ஒருவரும் இருக்கிறார்கள்.
>
> கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறோம். இணைப்பில் உள்ள ஒன்பது சம்பவங்களுக்கும் காரணம் கூறும் அறிக்கையை லிஃப்ட் கம்பெனியிடம் எழுத்தில் பெறுவது. காரணத்தை நீக்கத் தேவையான பாகங்களுக்கு விலை மதிப்பீடு பெறுவது. அடுத்த டிரஸ்டிகள் கூட்டத்தில் இதை எடுத்து, முடிவை 21 நாளுக்குள் எங்களுக்கு எழுத்தில் தெரிவிப்பது. வேலை முடியும் வரை, லிஃப்ட் நிற்கும் நேரத்தில் மேற்சொன்ன இருவருக்கும் என்ன ஏற்பாடு என்பதைத் தெரிவிப்பது.
>
> லிஃப்டின் பதிவேட்டையும் கடைசி ஆய்வு அறிக்கையையும் பார்வையிட விரும்புகிறோம்.
>
> கையொப்பம், வீட்டு எண்கள்.

21 நாள் என்பது சட்டம் சொன்ன கணக்கு அல்ல, நாங்கள் வைத்தது. டிரஸ்டிகள் ஒரு தடவை கூடவும் விலை வாங்கவும் அவ்வளவு நாள் வேண்டியிருக்கும். "48 மணி நேரத்தில்" என்று எழுதினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் எழுதுவதானால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தலைவர் எங்கள் சித்தப்பா. எழுத்தில் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரே?

முதலில் போய்ச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். "சித்தப்பா, உங்கள் கைக்குப் பலமாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். உண்மையும் அதுதான். டிரஸ்டிகளில் ஒருவர் செலவு செய்யலாம் என்று நினைத்தாலும் மற்றவர்கள் "யாரும் புகார் தரவில்லையே" என்பார்கள். பத்து வீடு கையெழுத்துப் போட்ட கடிதம் மேசையில் இருந்தால் அந்தப் பேச்சு எழாது. உறவை நம்பி வாய்ச்சொல்லோடு விட்டால் லிஃப்டும் ஓடாது, பொங்கலுக்கு முகம் பார்த்துப் பேசவும் சங்கடமாக இருக்கும்.

நான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு எழுத உரிமை இருக்கிறதா?

எழுதலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் வாடகைதாரர் பாடி கார்ப்பரேட்டின் உறுப்பினர் அல்ல. பதில் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளரிடம்தான் அவர்களுக்கு இருக்கிறது. வீட்டுக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அல்லது அவர் பெயரிலேயே போகட்டும். அவர் துபாயிலோ கேப்டவுனிலோ இருந்தால் மின்னஞ்சலில் "இதை நான் ஆதரிக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். புகாரை விசாரிக்கும் ஓம்பட் சர்வீஸ் வரை போக நேர்ந்தால் நிலைமை கொஞ்சம் மாறும், அதைக் கீழே பாருங்கள்.

பணம் இல்லை என்கிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது?

முதலில் லிஃப்ட் கம்பெனியோடு என்ன ஒப்பந்தம் என்று கேளுங்கள். பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் பாகங்களும் அடக்கம், மாதக் கட்டணம் அதிகம். இன்னொன்றில் எண்ணெய் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது மட்டும், பாகத்துக்குத் தனி பில். முதல் வகை ஒப்பந்தம் இருந்தும் கதவுக் காலணிக்கு நாம் பணம் தேடிக்கொண்டிருந்தால் அது வேடிக்கைதான். ஆனால் தள்ளுவண்டி இடித்ததுபோல வெளியார் செய்த சேதத்தை இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால்தான் காரண அறிக்கை முக்கியம். இடித்தது யார் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்காரரிடம் கேட்கலாம்.

அடுத்து, 2016 அக்டோபர் 7 முதல் நடப்பில் இருக்கும் செக்ஷனல் டைட்டில்ஸ் ஸ்கீம்ஸ் மேனேஜ்மென்ட் சட்டப்படி பொதுச் சொத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது பாடி கார்ப்பரேட்டின் கடமை. தினசரிச் செலவுக்கு ஒரு நிதி, பெரிய பராமரிப்புக்கு ரிசர்வ் நிதி என்று இரண்டு வைத்திருக்க வேண்டும். குறைந்தது 10 வருடத்துக்கான பராமரிப்புத் திட்டமும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் லிஃப்ட் எந்த வருடத்தில், எவ்வளவு தொகைக்கு இருக்கிறது என்று கேளுங்கள். "லிஃப்டா, அது அதில் இல்லையே" என்று பதில் வந்தால் பணம் ஏன் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உண்மையிலேயே காசு இல்லை, அடுத்த பட்ஜெட் வரை பொறுக்கவும் முடியாது என்றால் டிரஸ்டிகள் எழுத்துத் தீர்மானம் போட்டு, உரிமையாளர்கள் மாதாமாதம் கட்டும் லெவிக்கு மேல் ஸ்பெஷல் லெவி விதிக்கலாம். அதற்குப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவர் பங்கும் அவரவர் வீட்டின் பரப்பைக் கொண்டு கணக்கிட்ட விகிதப்படி வரும். வேலைக்கு 1,20,000 ராண்ட் ஆகும், உங்கள் விகிதம் 2.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 2,520 ராண்ட். இந்தத் தொகையைக் கடிதத்திலேயே போட்டு "இவ்வளவு தரத் தயார்" என்று பத்துப் பேர் எழுதினால் "யார் கொடுப்பார்கள்" என்று தயங்கும் டிரஸ்டிக்குத் துணிவு வரும்.

நான் தரைத்தளத்தில் இருக்கிறேன். லிஃப்டைத் தொட்டதே இல்லை. நான் ஏன் கொடுக்க வேண்டும்?

லிஃப்ட் பொதுச் சொத்து, அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, அதனால். மேல்மாடிக்காரர் பயன்படுத்தாத உங்கள் வாசல் பக்கத்துத் தோட்டத்துக்கு அவரும் கொடுக்கிறார். கட்டடத்தின் விதிகளில் வேறு பங்கீடு முறையாகச் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

லெவியை நிறுத்தி வைத்தால் தானாக வழிக்கு வர மாட்டார்களா?

வர மாட்டார்கள், நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். லிஃப்ட் ஓடவில்லை என்பது லெவி கட்டாமல் இருக்கக் காரணமாகாது. பாக்கிக்கு வட்டி ஏறும், வக்கீல் செலவும் உங்கள் கணக்கில் சேரும். அதைவிட மோசம், சாதாரணத் தீர்மானங்களில் பாக்கிக்காரரின் வாக்கு எண்ணப்படாமல் போகலாம். லிஃப்டுக்காகக் கை தூக்க வேண்டிய நேரத்தில் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

மின்சாரம் போய் வந்தால் நிற்கிறது. அதற்கு பாடி கார்ப்பரேட் என்ன செய்யும்? எஸ்காமைத்தானே கேட்க வேண்டும்?

மின்சாரம் போவதை நிறுத்த முடியாது, ஆனால் போய் வந்தால் லிஃப்ட் தாங்குமா என்பது கட்டடத்தின் பொறுப்பு. 2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது நிறைய லிஃப்டுகளின் மின்னணு அட்டைகள் போயின. காரணம், மின்சாரம் திரும்பும் நொடியில் வரும் மின்னழுத்தத் துள்ளல். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முன்னால் துள்ளலைத் தடுக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். மின்சாரம் வந்த உடனே ஓடாமல் சில நிமிடம் பொறுத்து இயங்கும் தாமத ரிலேயும் வைக்கலாம். மின்சாரம் போனால் லிஃப்டை அருகிலுள்ள மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்துவிடும் பேட்டரி ஏற்கெனவே இருந்தால், அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பல கட்டடங்களில் அது எப்போதோ செத்து, யாரும் கவனிக்காமல் கிடக்கும்.

அட்டை எரிந்தது துள்ளலால்தான் என்று டெக்னீஷியன் எழுதித் தந்தால் கட்டடக் காப்பீட்டில் கேட்க வழி இருக்கலாம். தேய்மானத்துக்குக் காப்பீடு தராது. இங்கேயும் காரணம் எழுத்தில் இருந்தால்தான் பேச முடியும்.

இந்த லிஃப்டில் ஏறுவது பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சர்டிபிகேட் கேட்கலாமா?

கேட்கலாம். தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2010இல் வந்த லிஃப்ட் விதிகளின்படி, 24 மாதத்துக்கு ஒருமுறையாவது பதிவுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர் முழுமையாகச் சோதித்து அறிக்கை தர வேண்டும். பராமரிப்பு கம்பெனி ஆள் மாதாமாதம் வந்து பார்ப்பது வேறு, இது வேறு. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பதிவேடும் உண்டு. நாம் லாபியில் எழுதிய ஒன்பது சம்பவங்களையும் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் ஒன்பது எழுதியிருக்க, அங்கே மூன்றுதான் இருந்தால் அதுவே அடுத்த கடிதத்துக்கு விஷயம். பாடி கார்ப்பரேட்டின் ஆவணங்களைப் பார்க்க உறுப்பினர் எழுத்தில் கேட்டால் 10 நாளுக்குள் காட்ட வேண்டும்.

நின்றுவிடுவது தொல்லையே தவிர பெரும்பாலும் ஆபத்து இல்லை, பாதுகாப்புச் சங்கிலி வேலை செய்கிறது என்றுதான் பொருள். ஆனால் இரண்டு அறிகுறி தெரிந்தால் கடிதமெல்லாம் அப்புறம், உடனே லிஃப்டை நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்று, லிஃப்ட் அங்கே இல்லாதபோதும் வெளிக்கதவு கையால் தள்ளினால் திறக்கிறது. இன்னொன்று, மாடித் தரைக்கு நேராக நிற்காமல் மேலேயோ கீழேயோ விலகி நிற்கிறது, அந்த விலகல் நாளாக ஆகக் கூடுகிறது. பின்னது பிரேக் அல்லது கம்பிக் கயிறு தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

மாட்டிக்கொண்டால் மணியை அடித்துவிட்டு உள்ளேயே இருங்கள். கதவைப் பிளந்து குதிக்கப் போனால் லிஃப்டின் அடிக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகக் குழிக்குள் விழ வாய்ப்பு உண்டு. அப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன.

பழுது பார்ப்பதை விட்டுவிட்டு லிஃப்டையே புதுப்பிக்கலாம் என்கிறார்கள். எது சரி?

காரண அறிக்கை வராமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பெரியா கட்டடத்தில் லட்சக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தது கடைசியில் கதவு வேலையாக முடிந்ததைப் பார்த்தீர்கள். அதே நேரம், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பாகமே சந்தையில் இல்லை, ஒவ்வொரு அட்டையும் பழையதைப் பழுது பார்த்துத்தான் போட வேண்டும் என்ற நிலை வந்தால் புதுப்பிப்பதே மலிவு. அதை "பாகம் கிடைப்பதில்லை" என்று கம்பெனி எழுத்தில் தரட்டும். விற்பவன் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொரு கம்பெனியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நடைமுறையும் வேறு. பழுது பார்ப்பது கடமை, டிரஸ்டிகளே முடிவெடுக்கலாம். பொதுச் சொத்தை மேம்படுத்துவது என்ற கணக்கில் போனால் எல்லா உறுப்பினருக்கும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், யாராவது கேட்டால் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆகவே உங்கள் கடிதத்தில் "புதுப்பிக்கவும்" என்ற சொல்லைப் போட்டு நீங்களே வழியை நீளமாக்கிக்கொள்ள வேண்டாம்.

லிஃப்ட் கம்பெனியை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முதல் கடிதத்தில் வேண்டாம். ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று பார்க்க வேண்டும், சில ஒப்பந்தங்கள் சொல்லாவிட்டால் தானாக நீளும். இன்னொரு சிக்கல், சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து படிக்க அந்தக் கம்பெனியின் சொந்தக் கருவியே வேண்டும். புதிதாக வருபவர் கதவையும் கயிறையும் பார்த்துக்கொள்வார், மூளையைத் தொட முடியாமல் நிற்பார். புதியவரிடம் கேட்க வேண்டியது, "இதே மாதிரிப் பெட்டியை வேறு எங்கே பராமரிக்கிறீர்கள்?" என்பதுதான். விலாசம் வாங்கி அங்கே ஒரு நடை போய் லிஃப்டில் ஏறிப் பாருங்கள்.

கடிதம் போட்டுப் பதிலே வரவில்லை. அடுத்து என்ன?

நீங்கள் வைத்த நாள் கடந்ததும் முதல் கடிதத்தை இணைத்து இரண்டாவது ஒன்று அனுப்புங்கள். அதில் புதிதாக நின்ற தேதிகளைச் சேருங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டு வழி. மொத்த விகிதத்தில் 25 சதவீதம் உள்ள உறுப்பினர்கள் எழுத்தில் கேட்டால் டிரஸ்டிகள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். கையெழுத்துகளை எண்ணும்போது தலையை அல்ல, விகிதத்தைக் கூட்டுங்கள். பெரிய வீட்டுக்காரர் ஒருவர் சேர்ந்தால் இரண்டு சின்ன வீட்டுக்குச் சமம்.

இன்னொன்று கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஓம்பட் சர்வீஸ். நம் லெவி ரசீதில் மாதாமாதம் அதற்கென்று ஒரு சிறு தொகை போவதைப் பார்த்திருப்பீர்கள், அதிகபட்சம் 40 ராண்ட். பிரச்சினையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் யாரும் அங்கே விண்ணப்பிக்கலாம், ஆகவே வாடகைக்கு இருப்பவருக்கும் இந்தக் கதவு திறந்திருக்கிறது. முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள், படியாவிட்டால் தீர்ப்பாளரிடம் போகும். பழுதைச் சரிசெய்யும்படி பாடி கார்ப்பரேட்டுக்கு அவர் உத்தரவிடலாம், அந்த உத்தரவு நீதிமன்ற உத்தரவைப் போல நிறைவேற்றத்தக்கது.

அங்கே அவர்கள் கேட்பது, "கட்டடத்துக்குள்ளேயே தீர்க்க முயன்றீர்களா?" என்பது. இரண்டு கடிதம், அனுப்பிய தேதி, ஒன்பது சம்பவங்களின் பட்டியல், பதிவேட்டின் நகல் இவை கையில் இருந்தால் விண்ணப்பத்தோடு இணைக்க வேறு எதுவும் தேட வேண்டியதில்லை.

ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள். குறிப்பெழுதுவதை நிறுத்திவிடலாமா?

இன்னும் ஒரு மாதம் எழுதுங்கள். அதே மாடியில் மறுபடி நின்றால் வேலை சரியாக நடக்கவில்லை, பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் சொல்லிவிடலாம். வேறு மாடியில் நின்றால் அது புதுக் காரணம், பழைய கடிதத்தோடு குழப்ப வேண்டாம். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி கேர்டேக்கரிடம் வைத்திருங்கள். தேய்ந்த காலணி ஒன்று கையில் இருந்தால் அடுத்த வருடாந்தரக் கூட்டத்தில் "இதற்கா இவ்வளவு?" என்று கேட்பவருக்குக் காட்டலாம்.